அவசரம்: நேர்காணலுக்கு அனுப்பும் மெசேஜ் சரியா, பாருங்க

தங்கச்சிக்கு இன்னைக்கு 10.30க்கு நாகர்கோவில் வடசேரி பக்கம் அக்கவுண்டன்ட் வேலைக்கு நேர்காணல். மார்த்தாண்டத்திலிருந்து சீக்கிரமே கிளம்பிட்டா. இப்போ மணி 9.50. பஸ் தக்கலையில நகரவே இல்ல. மேப் 10.38னு காட்டுது. வில்லுக்குறி, பார்வதிபுரத்துல இன்னும் நெரிசல் இருக்கலாம், இறங்கி நடக்கவும் வேணும். அதனால 10.50னு சொல்லச் சொன்னேன். 10.40னு சொல்லிட்டு அதுக்கும் பிந்தினா இரண்டாவது தடவை மன்னிப்பு கேட்கணும், அது இன்னும் மோசம்.

எழுதி வச்சிருக்கிறது இதுதான்:

"வணக்கம் மேடம். இன்று 10.30 மணிக்கு அக்கவுண்டன்ட் பணி நேர்காணலுக்கு வரவேண்டிய (பெயர்) நான். தக்கலையில் போக்குவரத்து நெரிசலில் பஸ் நிற்கிறது. 10.50க்குள் வந்துவிடுவேன். தாமதத்திற்கு மன்னிக்கவும். தேவைப்பட்டால் எனக்கு முன் அடுத்தவரை அழைத்துக்கொள்ளலாம், நான் காத்திருக்கிறேன்."

பெயர், பணி, நேரம் மூணும் முதலிலேயே இருக்கணும்னு நான்தான் சொன்னேன். அவங்க போன்ல இவ நம்பர் சேவ் ஆகியிருக்காது, இன்னைக்கு பலர் வருவாங்க. நெரிசல் போட்டோ, லைவ் லொக்கேஷன் எல்லாம் வேண்டாம்னுட்டேன், சாக்கு சொல்ற மாதிரி ஆகிடும்.

ஆள் எடுக்கிற வேலையில இருக்கிற அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்க: அந்தக் கடைசி வரி தேவையா, இல்ல முடிவை அவங்ககிட்டயே விடணுமா? நேர்காணல் அழைப்பு வந்த வாட்ஸ்அப் நம்பருக்கு அனுப்பினா போதுமா? 10.10 வரைக்கும் பார்க்கலேன்னா ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிடச் சொல்லவா?