படம் வரவில்லை, எழுதியே அனுப்பு
(குழு: பண்டாரவளை வீட்டார்)

சுமதி: மாமா, பெரிய அறைச் சுவர் வெடித்திருக்கிறது. மூன்று படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

செல்வம் மாமா: ஒன்றும் வரவில்லை அம்மா. வெலிமடைக்கு மேலே ஒரு வேலையில் நிற்கிறேன், இங்கே எழுத்து வருவதே பெரிய காரியம். எந்தச் சுவர், வெடிப்பு எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு அகலம், எவ்வளவு நீளம் என்று எழுது.

சுமதி: ஜன்னல் வைத்த பக்கச் சுவர். ஜன்னலுக்கு மேலே தொடங்கி வலது பக்கமாகச் சாய்ந்து ஏறுகிறது.

தினேஷ்: இடது பக்கம் அக்கா. நான் அதன் முன்னால்தான் நிற்கிறேன்.

சுமதி: கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார் தம்பி.

செல்வம் மாமா: தினேஷ், நீ வீட்டுக்கு வெளியே நிற்கிறாயா?

தினேஷ்: ஆமாம் மாமா, வாழை மரத்தடியில்.

செல்வம் மாமா: அப்படியென்றால் இருவரும் ஒரே வெடிப்பைத்தான் பார்க்கிறீர்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரிகிறது என்றால் பூச்சு மட்டும் விட்டுப்போகவில்லை, கல்லே பிளந்திருக்கிறது. இனி வலது, இடது வேண்டாம். மேட்டுப் பக்கம், பள்ளத்துப் பக்கம் என்று சொல்லுங்கள்.

சுமதி: பள்ளத்துப் பக்கம். ஜன்னலின் அந்தப் பக்க மேல் மூலையில், லிண்டல் முடியும் இடத்தில் தொடங்கி, கூரையை நோக்கி ஏறுகிறது.

பெரியம்மா: அது எந்தத் திசை? ஈசான மூலை என்றால் முதலில் ஐயரிடம் கேளுங்கள்.

செல்வம் மாமா: ஐயர் பிறகு வரட்டும் அக்கா. சுமதி, அகலம்?

சுமதி: மெல்லிய கோடு மாதிரித்தான்.

செல்வம் மாமா: கோடு என்றால் எனக்கு ஒன்றும் விளங்காது. உன் வங்கி அட்டையை உள்ளே நுழைத்துப் பார். ஒரு அட்டை முக்கால் மில்லிமீட்டர் இருக்கும். ஜன்னல் அருகில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, கூரைக்குக் கீழே ஒரு தடவை.

புஷ்பா அக்கா: எங்கள் குசினிச் சுவர் முழுவதும் சிலந்தி வலை போல் வெடித்திருக்கிறது. அதுவும் ஆபத்தா?

செல்வம் மாமா: நகம்கூட நுழையாது என்றால் பூச்சு காய்ந்து சுருங்கியதுதான். தட்டிப் பாருங்கள். டொப்பென்று வெறுமையாகக் கேட்கும் இடத்தை மட்டும் கொத்திப் பூசினால் போதும்.

சுமதி: ஜன்னல் அருகில் ஒரு அட்டை இறுக்கமாக நுழைகிறது. நடுவில் இரண்டு. மேலே நான்கு அட்டைகளைச் சேர்த்து வைத்தாலும் போகிறது. நீளம் டேப்பில் 3 அடி 2 அங்குலம்.

தினேஷ்: மாமா, பட்டி பூசிப் பெயின்ட் அடித்துவிடலாமா? கடையில் வாங்கி வருகிறேன்.

செல்வம் மாமா: அசைவு நின்ற சுவருக்குப் பட்டி சரி தம்பி. அசைகிற சுவரில் அடுத்த மழைக்கே மறுபடி திறக்கும், பழைய கோடும் மறைந்துவிடும். மேலே அகலம், கீழே ஒடுக்கம், பள்ளத்துப் பக்கம் பார்த்து ஏறுகிறது. சுவரின் பள்ளத்து முனை கீழே இறங்கினால் இப்படித்தான் வரும். அந்த வீட்டுக்கு மேட்டை வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் கொட்டித்தானே நிலம் எடுத்தார்கள்?

பெரியம்மா: ஆமாம். அந்த முன் மூலை முழுவதும் போட்ட மண்தான். உன் அண்ணன் அப்போது யார் பேச்சைக் கேட்டார்?

செல்வம் மாமா: ஜன்னலின் மற்ற மூலையையும் பார் சுமதி. மேட்டுப் பக்கக் கீழ் மூலை.

சுமதி: இருக்கிறது மாமா! அங்கிருந்து தரையை நோக்கி மேட்டுப் பக்கமாக ஒரு சாண். அட்டை நுழையவில்லை.

செல்வம் மாமா: அதுவும் பொருந்துகிறது. வெடிப்பின் உள்ளே தூசி, பழைய பெயின்ட் இருக்கிறதா, பளிச்சென்று இருக்கிறதா?

சுமதி: பளிச்சென்றுதான்.

செல்வம் மாமா: புதியது. தினேஷ், பீலித் தண்ணீர் எங்கே விழுகிறது?

தினேஷ்: குழாய் கழன்றுவிட்டது. அந்த மூலையிலேயே கொட்டுகிறது.

செல்வம் மாமா: இன்றைக்கே ஒரு குழாயைக் கட்டித் தள்ளி விடு. அத்திவாரம் மட்டும் இறங்கியதா, சரிவே நகர்கிறதா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. முற்றத்து மண்ணைப் பார். சரிவுக்குக் குறுக்கே நீளமாக வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாக ஊறும் கலங்கல் தண்ணீர் இருக்கிறதா?

தினேஷ்: மண்ணில் வெடிப்பு இல்லை. வாழை சாய்ந்திருக்கிறது, ஆனால் குலை தள்ளிய வாழை.

செல்வம் மாமா: அது குலையின் பாரமாக இருக்கலாம். ஆனால் மண் வெடித்தால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். எல்லோரும் வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்குச் சொல்லுங்கள். 2014இல் மீரியபெத்தையில் மலையே இறங்கியதை நாம் மறக்கவில்லை.

சுமதி: இப்போது என்ன செய்வது மாமா?

செல்வம் மாமா: வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுது. காலை, மாலை அட்டை நுழைத்துப் பார். அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். சனிக்கிழமை மட்டக்கோலும் மண்வெட்டியும் கொண்டு வருகிறேன், மூலையைத் தோண்டிப் பார்த்துத்தான் சீமெந்துக் கணக்கு.

புஷ்பா அக்கா: அப்படியே எங்கள் குசினியையும் தட்டிப் பாருங்கள் தம்பி. இரண்டு இடத்தில் டொப்பென்றுதான் கேட்கிறது.