ஏப்பமும் உப்புசமும்: வாயு மாத்திரைக்கு ஏன் அடங்கவில்லை?

மங்கை: வயது 53. மாதவிடாய் நின்று மூன்று வருடம். ஒன்றரை மாதமாக வயிறு உப்பிக் கிடக்கிறது. ஏப்பம் விட்டால் இறங்கும் என்று நானே வரவழைக்கிறேன். நிமிடத்துக்கு ஐந்தாறு கூட வருகிறது, வயிறுதான் இறங்கவில்லை. வாயு மாத்திரையும் அமில மாத்திரையும் வீண். நாலு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. ஏப்பத்தை எப்படி நிறுத்துவது?

கதிர்: எல்லாம் விழுங்கிய காற்று அக்கா. சோடா, சூயிங்கம், அவசரச் சாப்பாடு மூன்றையும் விடுங்கள். இரண்டே வாரம்.

சேது: எனக்குப் பால்தான் எதிரி. குடித்த இரண்டு மணி நேரத்தில் வயிறு உருளும். பாலை நிறுத்தினேன், முடிந்தது. நீங்களும் நிறுத்துங்கள்.

மங்கை: நான் பால் குடிப்பதே இல்லையே, சேது.

பரிமளா: இரைப்பை குடல் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். தூங்கும்போது ஏப்பம் வருகிறதா?

மங்கை: இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதும் வருவதில்லை.

பரிமளா: அப்படியானால் பெரும்பாலும் அது வயிற்றிலிருந்து வரும் ஏப்பமே அல்ல. தெரியாமலே காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து, இரைப்பையை எட்டும் முன்பே வெளியே தள்ளுகிறீர்கள். வாயைச் சற்றுத் திறந்து, நாக்கு நுனியை மேல் பற்களுக்குப் பின்னால் வைத்து, வயிற்றால் மெதுவாக மூச்சு விடுங்கள். வாய் திறந்திருந்தால் காற்றை இழுப்பது கடினம். கதிர் சொன்ன காற்று சரி, ஆனால் பெருங்குடலில் கிருமிகள் உண்டாக்கும் வாயு ஏப்பமாக மேலே வராது.

எனக்கு உறுத்துவது ஏப்பமல்ல. காலையில் சிறுநீர் கழித்த பிறகும், இரவு படுக்கும் முன்பும் தொப்புள் மட்டத்தில் நாடாவால் அளந்து சொல்லுங்கள்.

மங்கை: மூன்று நாள் அளந்தேன். காலை 93 செ.மீ., இரவு 94. போன வருடம் தைத்த ரவிக்கைக்கு இடுப்பளவு 86. உடல் எடை கூடவில்லை. இரவில் நாலைந்து முறை சிறுநீருக்கு எழுகிறேன். வயதுக் கோளாறு என்று விட்டுவிட்டேன்.

பரிமளா: வாயு உப்புசம் பொதுவாக மாலையில் ஏறி, விடியலில் தணியும். உங்களுடையது இறங்கவேயில்லை. 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய உப்புசம், சீக்கிரம் நிறைவது, அடிக்கடி சிறுநீர்: இவை சேர்ந்தால் குடல் எரிச்சல் என்று முடிவுகட்டும் முன் சினைப்பையில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிஏ-125 இரத்தப் பரிசோதனையும் வயிறு, இடுப்புக்குழி ஸ்கேனும் இந்த வாரமே கேளுங்கள். இரத்தப் பரிசோதனை மட்டும் போதாது: ஆரம்பத்தில் அது இயல்பாகவே இருக்கலாம், வேறு காரணத்தாலும் ஏறலாம். கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் சேர்ந்தாலும் இப்படித் தங்கும். அதுவும் ஸ்கேனில் தெரியும்.

கதிர்: வீணாகப் பயமுறுத்தாதீர்கள். என் அத்தைக்கு இதே தொல்லை, மலச்சிக்கலில் முடிந்தது.

பரிமளா: அப்படியும் இருக்கலாம். ஸ்கேனுக்குப் பிறகு அதைச் சொல்லலாம், முன்பு அல்ல. மூச்சுத் திணறலோ நிற்காத வாந்தியோ வந்தால், அல்லது மலமும் வாயுவும் அடியோடு நின்றால், காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மங்கை: வியாழன் காலை ஸ்கேன். நாக்கு வித்தையில் நேற்று ஏப்பம் பாதியாகியது. இன்று காலையும் 93தான்.