இரவு 9.30, மூன்று வரி, பத்து ரூபாய்: செங்கோட்டை குரூப் 4 குழுவில் ஒரு வாக்குவாதம்

சாரல்: ஞாயிறு காலை நம் குழுவில் இதைப் பேசப்போகிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.
"வணக்கம். பதினோரு பேர் படிக்கிறோம், யார் எங்கே நிற்கிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை. நாளையிலிருந்து வாட்ஸ்அப்பில் தினம் ஒரு செக்-இன். என்ன படிக்க நினைத்தேன், எத்தனை மணி நேரம் படித்தேன், எங்கே சிக்கினேன் என்று மூன்றே வரி. இரவு 9.30-க்குள் போட வேண்டும். தவறினால் பத்து ரூபாய்."

புளியரை அக்கா: தம்பி, அபராதத்தை எடுத்துவிடு. என் பழைய குழுவில் ஒரு பையன் மூன்று நாள் தவறினான், முப்பது ரூபாய் பாக்கி. காசு பெரிதில்லை, கூச்சம். குரூப்பைத் திறப்பதையே விட்டான். தவறினவர் மறுநாள் "நேற்று இல்லை" என்று போட்டால் போதும், விட்ட நாளுக்குச் சேர்த்து எழுத வேண்டாம்.
மணிக்கணக்கும் வேண்டாம். "5 மணி நேரம்" என்றால் என்ன தெரியும்? "விகிதம், 25 கணக்கு, 17 சரி, தப்பான எட்டில் ஐந்து வயதுக் கணக்கு" என்று போட்டால் நாளைக்கு எதை எடுக்கணும் என்று அதிலேயே இருக்கிறது.

மேக்கரை: அக்கா, இலக்கணம் வாசிக்கிற நாளில் கேள்வி ஏது? அன்றைக்கு மணிக்கணக்குதான் கணக்கு. அபராதமும் இருக்கட்டும், காசு போனால்தான் பயம் வரும்.

தென்மலை: செக்-இன் என்றால் தினமும் செங்கோட்டை வந்து கையெழுத்துப் போடணுமா? கோட்டைவாசல் ஏறி இறங்கவே பாதி நாள் போய்விடும்.

சாரல்: இல்லை அண்ணே, போனில்தான்.

புளியரை அக்கா: மேக்கரை சொல்வதில் பாதி சரி, வாசிக்கிற நாளுக்கு நான் வழி சொல்லவில்லை. அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்கணும். "வேற்றுமை, எட்டில் ஆறு உருபுதான் சொல்ல வந்தது" என்று போடலாம். தமிழில் 150-க்கு 60 வராவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். வாசித்தேன் என்ற நினைப்பில்தான் பலர் அங்கே விழுகிறார்கள்.

மேக்கரை: எட்டில் முதல் வேற்றுமைக்கும் எட்டாம் வேற்றுமைக்கும் உருபே கிடையாதே, அக்கா.

புளியரை அக்கா: மாட்டிக்கொண்டேன். பார்த்தாயா, மூடிவிட்டு எழுதினால் இதுதான் வெளியே வரும்.

ஆரியங்காவு: நான் ரப்பர் வெட்டுகிறவன். விடியுமுன் மரத்தடியில் நிற்கணும், இரவு எட்டரைக்கே கண் சொக்கிவிடும். ஷீட் அடித்து முடித்து மதியம்தான் படிப்பு. 9.30 எனக்கு ஆகாது.

சாரல்: அபராதமும் மணிக்கணக்கும் போச்சு. ஆனால் அவரவர் நேரம் என்று விட்டால், மறுநாள் காலையில் கதை கட்டிப் போடுவார்களே?

புளியரை அக்கா: அவரவர் நேரத்தை முதல் நாளே சொல்லி வைக்கட்டும்.

மேக்கரை: பதினோரு நேரத்தை யார் பார்த்துக்கொண்டிருப்பது? ஒரே நேரம்தான் நடக்கும்.

ஆரியங்காவு: ஞாயிறு மழை பெய்தால் வெட்டு இல்லை, வந்துவிடுவேன். வெயில் அடித்தால் நான் வருகிறவரைக்கும் நேரத்தை முடிவு பண்ணிவிடாதீங்க.