லாப்ரடாரோடு சென்னை–டெல்லி விமானம்: கூண்டுக் கதவைச் சாத்தினாலே பதறுகிறாள்

அடுத்த மாதம் டெல்லிக்குக் குடிபோகிறோம். எங்கள் லாப்ரடாருக்கு ஐந்து வயது, 29 கிலோ. சரக்கு அறையில்தான் வர வேண்டும். தடுப்பூசி அட்டை தயார். நண்பர் தந்த கூண்டில் காது கூரையில் இடித்தது. அப்புறம் மூக்கிலிருந்து வால் அடிவரை அளந்து, முன்னங்கால் உயரத்தில் பாதியைக் கூட்டி, அந்த நீளத்துக்கு வாங்கினோம். அதில் தாராளமாகத் திரும்புகிறாள், சோறும் உள்ளேயே தின்கிறாள். கதவைச் சாத்தினால் மட்டும் மூச்சிரைத்து, கம்பியைப் பிறாண்டுகிறாள்.

மயக்க மாத்திரை கொடுக்கச் சொல்கிறார்கள் பலர். மருத்துவர் கூடவே கூடாது என்கிறார்: பறக்கும்போது ரத்த அழுத்தமோ மூச்சோ இறங்கினால் பார்க்க ஆள் இல்லை. ரயிலில் முதல் வகுப்பு ஏசி கூப்பே கிடைத்தால் நிம்மதி, ஆனால் அது சார்ட் போடும்போதுதான் தெரியும்.

சாத்திய கூண்டுக்குள் அமைதியாக இருக்க உங்கள் நாயை எப்படிப் பழக்கினீர்கள்?