ஸ்நேக் பிளான்ட் இலைகள் அடியோடு சாய்கின்றன: கன்றுகளைப் பிரிக்கலாமா?

அடையாறு பால்கனி
வணக்கம். எங்கள் வீட்டு ஸ்நேக் பிளான்டின் இலைகள் ஒரு வாரமாக ஒவ்வொன்றாக அடியிலிருந்து சாய்கின்றன. இன்று காலை நான்காவது இலையும் விழுந்துவிட்டது. நுனியும் நடுப்பகுதியும் பச்சையாக, நன்றாகவே இருக்கின்றன. பக்கத்தில் இரண்டு கன்றுகள் வந்திருப்பதால் அவற்றையாவது பிரித்து நட்டுக் காப்பாற்ற விரும்புகிறேன். எப்படிப் பிரிப்பது? மாலையில் வீடு திரும்பியதும் செய்துவிடலாம் என்றிருக்கிறேன்.

மொட்டைமாடி
எவ்வளவு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? தொட்டியின் அடியில் துளை இருக்கிறதா? எந்த மண்? செடி வெளிச்சத்தில் இருக்கிறதா, அறைக்குள்ளா? இவை தெரியாமல் எதுவும் சொல்ல இயலாது.

நெல்லைத் தோட்டம்
இலை நிமிர்ந்து நிற்கும் வலுவை இழந்திருக்கிறது என்றால் அது சத்துக் குறைபாடுதான். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றிப் பாருங்கள். என் ரோஜாக்கள் அப்படித்தான் தேறின.

பழைய தோட்டக்காரர்
இதே கேள்விக்கு நான் பலமுறை விடை எழுதியிருக்கிறேன். புதிதாக வருபவர்கள் பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருடைய நேரமும் மிச்சமாகும். தண்ணீர் அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான். கன்றைப் பிரிக்கும் வேலையெல்லாம் உங்களுக்கு எதற்கு? விழுந்த இலையை நான்கு விரல் நீளத் துண்டுகளாக வெட்டித் தண்ணீரில் நிறுத்தி வையுங்கள், வேர் விடும்.

அடையாறு பால்கனி
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். வாரம் இருமுறை ஒரு குவளை தண்ணீர்தான் ஊற்றுகிறேன். நாற்றங்காலில் வாங்கி வந்த கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியை அப்படியே ஒரு பீங்கான் தொட்டிக்குள் வைத்திருக்கிறேன். உள்தொட்டியில் துளைகள் இருக்கின்றன, பீங்கானில் இல்லை. பால்கனியில் சாரல் படும். இலை ஓரங்களில் மஞ்சள் கோடு உண்டு. விழுந்த இலைகளை மண்ணில் இன்னும் ஆழமாக அழுத்தி, குச்சி வைத்துக் கட்டியிருக்கிறேன்.

மொட்டைமாடி
உள்தொட்டியைத் தூக்கிப் பீங்கானுக்குள் பாருங்கள். தண்ணீர் தேங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அடையாறு பால்கனி
தூக்கிப் பார்த்தேன். இரண்டு விரற்கடை அளவுக்குக் கறுத்த தண்ணீர் நின்றது.

வேரும் மண்ணும்
இனிக் கட்டி நிமிர்த்த முயல வேண்டாம். ஒருமுறை அடியில் தளர்ந்த இலை மீண்டும் நிமிராது. ஆழமாக அழுத்தினால் இதுவரை காற்றுப் பட்டுக்கொண்டிருந்த பகுதியும் ஈரத்துக்குள் போய் அழுகும்.

முதலில் ஒவ்வொரு இலையின் அடியையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று, பழுப்பாக, நாற்றத்தோடு இருந்தால் அழுகல். உறுதியாக இருந்தும் நெடுக்கில் சுருக்கம் விழுந்திருந்தால் இலைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்று பொருள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். மண் காய்ந்திருந்தால் அது வெறும் தாகம். மண் ஈரமாக இருந்தும் இலை சுருங்கினால், உறிஞ்ச வேண்டிய வேர் செத்துவிட்டது. அப்போது தாகம் என்று எண்ணி ஊற்றும் ஒவ்வொரு குவளையும் செடியை இன்னும் கெடுக்கும்.

பிறகு செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து எடுத்து, மண்ணைக் கழுவி, என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். அதற்கு முன் எதையும் வெட்ட வேண்டாம்.

கொடைக்கானல் குளிர்
எனக்கும் இதே தொல்லைதான். என் செடி கூடத்தின் இருண்ட மூலையில் நிற்கிறது. இலைகள் ஒல்லியாக நீண்டு வெளிப்பக்கம் வளைகின்றன, ஆனால் அடி கல் போல உறுதியாக இருக்கிறது. நானும் கன்றைப் பிரிக்க வேண்டுமா?

வேரும் மண்ணும்
உங்களுடையது வேறு சிக்கல், வெளிச்சக் குறைவு. பிரிக்கத் தேவையில்லை, இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகச் சன்னல் அருகே நகர்த்துங்கள். வளைந்தவை வளைந்தபடியே இருக்கும், புதிதாக வருபவை நேராக வரும்.

அடையாறு பால்கனி
கழுவிப் பார்த்தேன். விழுந்த நான்கு இலைகளும் அடியில் கூழாகிவிட்டன, நாற்றம் அடிக்கிறது. மற்ற மூன்றும் உறுதியாக இருக்கின்றன. அடியில் இஞ்சி போலத் தடித்த ஒரு கிழங்கு, வெளியே ஆரஞ்சு நிறம். தாய்ச்செடிப் பக்கம் அது பழுப்பாக மெதுமெதுவென்று இருக்கிறது. பெரிய கன்று ஒரு சாண் உயரம், அதற்குச் சொந்தமாக ஐந்தாறு வேர்கள். சின்னது சுண்டுவிரல் நீளமே இருக்கிறது, கூர்மையான முளை போல, வேரே இல்லை.

வேரும் மண்ணும்
பெரிய கன்றைப் பிரிக்கலாம். சாதாரணமாக, வேரில்லாத சின்னக் கன்றை யாரும் பிரிக்கக் கூடாது, ஏனென்றால் அது தாயிடமிருந்துதான் உண்கிறது. உங்கள் நிலையில் அழுகல் அதை நோக்கி வருவதால் வெட்டியே ஆக வேண்டும். ஆனால் முளையை ஒட்டி வெட்டாமல், நல்ல கிழங்கு எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவையும் அதனோடு விட்டு வெட்டுங்கள். வேர் வரும்வரை அந்தக் கிழங்கில் உள்ளதை வைத்துத்தான் அது பிழைக்கும்.

கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு வெட்டுங்கள். வெட்டிய முகம் முழுதும் வெளிறிச் சுத்தமாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு பழுப்புப் புள்ளியோ கோடோ தெரிந்தால், கத்தியை மறுபடி துடைத்து, அரை விரற்கடை தள்ளி மீண்டும் வெட்டுங்கள். உறுதியான மூன்று இலைகளுக்கும் இதே முறைதான். பிறகு நிழலில், காற்றோட்டமாக, வெட்டுக் காய்ந்து தோல் கட்டும்வரை விட்டுவிடுங்கள். வெயில் காலத்தில் இரண்டு நாள் போதும். இந்த மழை ஈரத்தில் நான்கைந்து நாள் ஆகலாம். காய்வதற்காக வெயிலில் வைக்க வேண்டாம்.

நடுவதற்கு 4 அங்குலத் தொட்டி போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். கோகோபீட் ஒரு பங்கு, கழுவிச் சலித்த பருமணல் அல்லது உடைத்த செங்கல் துண்டுகள் இரண்டு பங்கு. கிழங்கு மறையும் அளவுக்கு மட்டும் புதைத்து, ஒரு வாரம் தண்ணீரே ஊற்றாமல் இருங்கள்.

நெல்லைத் தோட்டம்
வெட்டிய இடத்தில் மஞ்சள்தூள் தடவச் சொல்ல மறந்துவிட்டீர்களே. நான் எந்த வெட்டுக்கும் தடவுவேன்.

வேரும் மண்ணும்
தடவலாம், தடையில்லை. தடவியும் தடவாமலும் நட்டிருக்கிறேன், எனக்கு வேறுபாடு தெரியவில்லை. நன்றாகக் காய்வதுதான் வேலை செய்கிறது.

பழைய தோட்டக்காரர்
இவ்வளவு சிக்கலாக்க வேண்டியதில்லை. இலைத் துண்டில் முளைக்கும் செடிக்கு என்ன குறை?

வேரும் மண்ணும்
இலைத் துண்டு வேர் விடும் என்பது உண்மை. ஆனால் அவருடைய செடி மஞ்சள் ஓரம் உள்ளது. அந்த ஓரமும் நடுப்பகுதியும் இருவேறு திசுக்கள். வெட்டுவாயில் புதிதாக முளைப்பது பச்சைத் திசுவிலிருந்து வருவதால் மஞ்சள் கோடு இல்லாமல் வெறும் பச்சையாகவே வரும். மஞ்சள் ஓரம் நிலைக்க வேண்டுமானால் கன்றைப் பிரிப்பதே வழி. தவிர, துண்டிலிருந்து முளை வரப் பல மாதங்கள் ஆகும்.

பழைய தோட்டக்காரர்
மஞ்சள் மறைவது வெளிச்சக் குறைவால். நான் 20 ஆண்டுகளாகச் செடி வளர்க்கிறேன்.

மொட்டைமாடி
ஐயா, நான் நல்ல வெளிச்சத்தில் வைத்த ஆறு துண்டுகளும் பச்சையாகத்தான் முளைத்தன. தாய்ச்செடியில் மஞ்சள் அப்படியே இருக்கிறது.

பழைய தோட்டக்காரர்
ஆறு துண்டுகளை வைத்து முடிவு கட்டுவது சரியல்ல. உங்கள் தாய்ச்செடியே கலப்பாக இருந்திருக்கலாம்.

அடையாறு பால்கனி
மூன்று வாரம் ஆகிவிட்டது. பெரிய கன்றை மெல்ல அசைத்தால் மண்ணைப் பிடித்திருக்கிறது. மூன்று இலைகளில் ஒன்று அழுகிவிட்டது, எறிந்துவிட்டேன். சின்ன முளை அன்று இருந்தபடியே இருக்கிறது, வளரவும் இல்லை, மெதுமெதுவென்றும் ஆகவில்லை. தோண்டிப் பார்க்கலாமா?

வேரும் மண்ணும்
தோண்ட வேண்டாம்.