லீச்சேட் தொட்டி நிரம்பி வயலுக்குப் போகிறது – அவசரம், உடனே என்ன செய்யலாம்?

கடலோரம்_மேற்பார்வை (காலை 7.12)
எங்கள் பேரூராட்சியின் நுண் உர மையமான எம்சிசியில், மக்கும் குப்பையிலிருந்து வடியும் சாறு சேரும் லீச்சேட் தொட்டி ராத்திரி மழையில் நிரம்பி வழிந்து பக்கத்து வயலில் பாய்ந்துவிட்டது. வயல்காரர் விடிந்ததும் வந்து சண்டை. இன்னும் மூன்று நாளைக்குக் கனமழை என்கிறார்கள். தொட்டியை இரண்டு மடங்கு ஆக்கலாம் என்று பொறியாளர் சொல்கிறார், ஆனால் அதற்கு எஸ்டிமேட், ஒப்புதல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். இன்றைக்கே ஏதாவது செய்யணும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம்_மாம்பலம் (7.31)
எனக்கும் இதே பிரச்சினை இருந்தது மேடம். தொட்டியின் அடியில் ஒரு குழாய் வைத்து கீழே வாளி வைத்தேன். தினமும் திறந்து விட்டால் போதும், நாற்றமும் இல்லை. காய்ந்த தேங்காய் நார் அடியில் போடுங்கள்.

கறார்பேர்வழி (7.40)
அவர் கேட்பது மாடியில் இருக்கும் இருபது லிட்டர் டப்பாவைப் பற்றி இல்லை. மேடம், உதவி கேட்பவர்கள் என்னென்ன எழுத வேண்டும் என்று இந்தப் பகுதியின் முதல் பதிவிலேயே இருக்கிறது. படித்தீர்களா? தொட்டி எவ்வளவு பெரிது, கூரை உண்டா, தரை மண்ணா சிமெண்டா, வாட்டம் எந்தப் பக்கம், இதில் ஒன்றுகூட இல்லாமல் "உடனே சொல்லுங்கள்" என்றால் ஜோசியம்தான் பார்க்கணும்.

இஎம்_பிரியன் (7.52)
ஈஎம் என்ற நுண்ணுயிர்க் கரைசலை ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஈஎம்முக்கு ஒரு கிலோ வெல்லம், இருபது லிட்டர் தண்ணீர் கலந்து ஒரு வாரம் ஊற வைத்துத் தொட்டியில் விட்டால் நாற்றம் போய்விடும், அப்புறம் வயல்காரரும் வாயைத் திறக்கமாட்டார். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பழைய_ஓவர்சியர் (8.05)
நாற்றம் குறையலாம் தம்பி. தண்ணீர் ஒரு லிட்டர்கூடக் குறையாது. இங்கே பிரச்சினை தண்ணீரின் அளவு.

அம்மா, மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள். தொட்டியின் நீளம், அகலம், ஆழம். ஷெட் கூரையின் நீளம், அகலம். கூரையிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் குழாய் எங்கே போய் விழுகிறது? கடைசிக் கேள்விக்கு ஞாபகத்திலிருந்து பதில் சொல்ல வேண்டாம், குடையை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கடலோரம்_மேற்பார்வை (8.48)
மன்னிக்கவும் சார், அவசரத்தில் எழுதிவிட்டேன். தொட்டி 2 மீட்டருக்கு 2 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம், செங்கல் கட்டி உள்ளே பூசியிருக்கிறது. ஷெட் தகரக் கூரை, 30 மீட்டருக்கு 12 மீட்டர். உள்ளே சிமெண்ட் தரை, குவியல் எல்லாம் கூரைக்குக் கீழேதான். மக்கும் குப்பை நாளைக்கு இரண்டு டன் வரும். ஷெட்டுக்கு முன்னால் டிராக்டர் வந்து கொட்டும் இடமும் இருக்கிறது, அது 15 மீட்டருக்கு 10 மீட்டர், கூரை கிடையாது. மக்காத குப்பையையும் அங்கேதான் கொட்டிப் பிரித்து லாரியில் ஏற்றுகிறோம்.

குழாயைப் பார்த்தேன். நான்கும் ஷெட்டைச் சுற்றியுள்ள வாய்க்காலில் விழுகின்றன. அந்த வாய்க்கால்தான் தொட்டிக்குப் போகிறது.

பழைய_ஓவர்சியர் (9.20)
அதுதான் நினைத்தேன். இப்போது கணக்குப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். உங்கள் கூரை 360 சதுர மீட்டர், கொட்டும் இடம் 150. ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால், ஐப்பசி கார்த்திகையில் கடலோரத்தில் இது சாதாரணம், கூரையிலிருந்து 36,000 லிட்டர், கொட்டும் இடத்திலிருந்து 15,000. மொத்தம் 51,000. தொட்டி பிடிப்பது 6,000. அதாவது 12 மில்லிமீட்டர் மழைக்கே நிரம்பிவிடும். பொறியாளர் சொல்கிறபடி இரண்டு மடங்கு ஆக்கினால் 24 மில்லிமீட்டர் வரை தாங்கும், அவ்வளவுதான்.

குவியலிலிருந்து உண்மையில் வடிகிற கறுப்புத் தண்ணீர் நாளைக்குச் சில நூறு லிட்டர்தான் இருக்கும். அதோடு கூரையில் விழுந்த நல்ல தண்ணீரையும் கலந்து, மொத்தத்தையும் கெட்ட தண்ணீராக்கி வயலுக்கு அனுப்புகிறீர்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இதுதான். நான்கு குழாயிலும் ஒரு முழங்கை வளைவுத் துண்டு போட்டு பிவிசி பைப்பை நீட்டி, வாய்க்காலைத் தாண்டி வெளியே விடுங்கள். பைப் கிடைக்காவிட்டால் இன்றைக்கு மட்டும் பழைய ஹோஸ் போதும். கூரையின் விளிம்பு வாய்க்காலுக்கு நேர் மேலே இருந்தால் கூரைத் தண்ணீரை ஏந்தும் தவாரம் நிரம்பிச் சிந்துவதும் உள்ளே விழும், அதையும் பாருங்கள். தவாரத்தில் சருகு அடைத்திருந்தால் இதெல்லாம் வீண்.

இது முடிந்ததும் கொட்டும் இடம். 150 சதுர மீட்டரும் அழுக்காக இருக்கத் தேவையில்லை. 8-க்கு 5 மீட்டர் ஒதுக்கி அதில் மட்டும் கொட்டச் சொல்லுங்கள். சுற்றிலும் மணல் மூட்டை, ஒரு சாண் உயரம் போதும். டிராக்டர் வரும் பக்கம் மட்டும் மூட்டைக்குப் பதில் இரண்டு பக்கமும் சரிவான மேடு வேண்டும், இல்லாவிட்டால் முதல் டிராக்டரே மூட்டையைக் கிழித்துவிடும். அந்த 40 சதுர மீட்டரில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 4,000 லிட்டர். ராத்திரிக்கு முன் தொட்டியை இறைத்துக் காலியாக வைத்தால் தாங்கும்.

கறார்பேர்வழி (9.41)
ஓவர்சியர் ஐயா சொல்வது சரி, ஆனால் மீதி 110 சதுர மீட்டரில் விழுவது சுத்தத் தண்ணீரா? நேற்று வரை குப்பை கிடந்த தரை. அதை வெளியே விட்டால் வயல்காரர் மறுபடி வருவார்.

பழைய_ஓவர்சியர் (9.55)
நியாயமான கேள்வி. சாயங்காலம் அந்தத் தரையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கி, சுரண்டி எடுக்கணும். ஹோஸ் பிடித்துக் கழுவக் கூடாது, அதுவும் தொட்டிக்குத்தான் போகும். அப்படியும் முதல் மழையில் கொஞ்சம் கலங்கலாகத்தான் வரும். முழுச் சுத்தம் என்று நான் சொல்லவில்லை.

மட்டுநகரான் (10.10)
வணக்கம், நான் மட்டக்களப்புப் பக்கம். எங்கட பிரதேச சபை உரத்தளத்திலயும் மார்கழி மழைக்கு இதே கதைதான். நாங்கள் திறந்த குவியலுக்குத் தார்ப்பாய் போட்டம். மேல விழுந்த தண்ணி பாயால வழிஞ்சு, அடிப்பக்கத்தால குவியலுக்குள்ள போய் நனைச்சிட்டுது. பிறகு பாயின்ட விளிம்பை வாய்க்காலுக்கு அப்பால இழுத்துக் கட்டினாப் பிறகுதான் சரி வந்தது. குவியலின்ட தலையும் தட்டையா இருக்கக் கூடாது, கூம்பா இழுத்து விடுங்கோ. அடியில உமி ஒரு அடிக்குப் பரப்பினா வடியுற தண்ணிய உறிஞ்சும்.

பழைய_ஓவர்சியர் (10.18)
தார்ப்பாய் யோசனை நல்லது. இவர்களுக்குக் குவியல் கூரைக்குக் கீழே இருப்பதால் சாரல் அடிக்கும் ஓரத்துக்கு மட்டும் போதும். ஆனால் உமி தண்ணீரை அதிகம் உறிஞ்சாது தம்பி, காற்று போக வழி விடும், அவ்வளவுதான். உறிஞ்சுவதற்கு வைக்கோல், சருகு, நார்க்கழிவு போடுங்கள்.

மட்டுநகரான் (10.25)
எங்களுக்கு உமிதான் லேசா கிடைக்கும் ஐயா. அதைப் போட்டாப் பிறகு வடியுற தண்ணி குறைஞ்சதெண்டுதான் நினைக்கிறன்.

ஆத்தங்கரை_விவசாயி (10.50)
எதற்கு இவ்வளவு பாடு? அது திரவ உரம். தொட்டிக்கு அடியில் உடைத்துவிட்டு உறிஞ்சுகுழி மாதிரி விடுங்கள், பூமி குடித்துக்கொள்ளும். இல்லையென்றால் தென்னைக்கு ஊற்றுங்கள். நான் வெர்மிவாஷ் அடித்துத்தான் கத்தரி போடுகிறேன்.

கறார்பேர்வழி (10.58)
உறிஞ்சுகுழி வெட்டினால் அந்தப் பூமி குடித்தது நாளைக்கு யார் கிணற்றில் வரும்? கடலோரத்தில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் இரண்டு அடியில் நிற்கும். குழி வெட்டினால் தண்ணீர் உள்ளே இறங்காது, வெளியே ஊறும்.

ஆத்தங்கரை_விவசாயி (11.06)
தென்னைக்கு ஊற்றுவதில் என்ன தப்பு என்று சொல்லவே இல்லையே.

பழைய_ஓவர்சியர் (11.30)
உங்கள் வெர்மிவாஷ் வேறு அண்ணே. அது மக்கிய பொருள், மண்புழு வழியாக வந்தது. இது பச்சைக் குப்பையிலிருந்து பிழிந்த சாறு. அமோனியாவும் உப்பும் அதிகம், வேரைச் சுட்டுவிடும். சந்தைக் காய்கறிக் கழிவிலிருந்து மட்டும் வந்தால், நிறைய தண்ணீர் சேர்த்து மரத்துக்கு விடலாம், அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் இவர்கள் மக்காத குப்பையையும் அதே தரையில் பிரிக்கிறார்கள். பேட்டரி, பல்பு எல்லாம் அதில் கிடக்கும். அந்தத் தண்ணீரை நான் தென்னைக்கு ஊற்ற மாட்டேன்.

ஆத்தங்கரை_விவசாயி (11.37)
எங்கள் தாத்தா எருக்குழித் தண்ணீரைத்தான் ஊற்றினார். மரம் ஒன்றும் செத்துப்போகவில்லை.

கறார்பேர்வழி (11.39)
உங்கள் தாத்தா காலத்து எருக்குழியில் பேட்டரி கிடந்ததா?

இஎம்_பிரியன் (11.44)
ஈஎம் போட்டால் அமோனியாவும் குறையும்.

கடலோரம்_மேற்பார்வை (மதியம் 12.15)
குழாய் வேலை நடக்கிறது. தொட்டியில் இருப்பதை என்ன செய்வது? செப்டிக் டேங்க் லாரிக்காரர் இன்றைக்கு வர முடியாது என்கிறார். அடியில் சேறு கட்டியிருக்கிறது, பம்ப் அடைத்துக்கொள்கிறது. இறங்கி வாரச் சொல்லலாமா?

பழைய_ஓவர்சியர் (12.18)
யாரையும் இறக்காதீர்கள். ஒன்றரை மீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். சேற்றைக் கலக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும், குனிந்தவர் நிமிர மாட்டார். மேலிருந்தே நீளக் கழியில் வாளி கட்டி அள்ளுங்கள். பம்பின் உறிஞ்சும் முனையைத் துளை போட்ட பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்து, சேற்றுக்கு ஓர் அடி மேலே தொங்கவிட்டால் அடைக்காது. அடைப்பு வாய்க்காலிலிருந்தே வருகிறது, தொட்டி வாயில் கம்பி வலை வைத்து அடிக்கடி கேரி பேக்கை எடுத்துவிடுங்கள்.

இறைத்ததைப் புதிய குவியல்களில், கைவிட்டால் சுடுகிற நிலையில் இருப்பவற்றில் மட்டும் தெளியுங்கள். சலிக்கத் தயாரான உரத்தில் விட்டால் கிருமி மறுபடி ஏறிவிடும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள், விரலிடுக்கில் சொட்டினால் அந்தக் குவியல் இனி தாங்காது, நிறுத்திவிடுங்கள். மீதியை டிரம்களில் பிடித்துக் கூரைக்குக் கீழே வையுங்கள், லாரி வரும்வரை.

கறார்பேர்வழி (12.40)
டிரம் எத்தனை தேவைப்படும் என்று யோசித்தீர்களா ஐயா? 6,000 லிட்டர் என்றால் 200 லிட்டர் டிரம் முப்பது.

பழைய_ஓவர்சியர் (12.44)
தெரியும். பாதியைக் குவியல் குடிக்கும் என்று கணக்கு. குடிக்காவிட்டால் சிரமம்தான், மறுக்கவில்லை.

கடலோரம்_மேற்பார்வை (மறுநாள் காலை 6.50)
குழாய் திருப்பியாச்சு. ராத்திரி நல்ல மழை, தொட்டி வழியவில்லை. எல்லோருக்கும் நன்றி. ஆனால் ஒன்று. நாலு மணிக்கு மழை விட்டுவிட்டது, வாய்க்கால் காய்ந்துவிட்டது, தொட்டியில் மட்டும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. நிறமும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. ஏன்?

பழைய_ஓவர்சியர் (7.05)
பூச்சில் வெடிப்பு இருக்கும், வெளியிலிருந்து நிலத்தடி நீர் உள்ளே ஊறுகிறது. இப்போது உள்ளே வருகிற அதே வழியில்தான் கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது வெளியே போகும். அவசரப்பட்டு அடிவரை காலி செய்யாதீர்கள், வெளியே நீர் அழுத்தம் இருக்கும்போது தரை தூக்கிக்கொண்டு உடையும். பாதி அளவிலேயே வையுங்கள். பக்கத்தில் கிணறு எவ்வளவு தூரம்?

மட்டுநகரான் (7.20)
ஆர்ஓ மெஷினுக்கு வைச்சிருக்கிற டிடிஎஸ் மீட்டரால கிணத்துத் தண்ணிய அளந்து பாக்கலாமே?

பழைய_ஓவர்சியர் (7.26)
வேறு ஊராக இருந்தால் சரி. கடலோரக் கிணறு ஏற்கனவே உப்பாக இருக்கும், ஏறியிருக்கிற எண் கடலா குப்பையா என்று சொல்லாது. மீன் தொட்டிக்கு விற்கிற அமோனியா சோதனைச் சொட்டு வாங்குங்கள். கிணற்றுத் தண்ணீரில் அமோனியா காட்டினால் சந்தேகப்பட வேண்டியதுதான், அப்புறம் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அதுவரை அந்தக் கிணற்றில் யாரும் குடிக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

கறார்பேர்வழி (இரண்டு நாள் கழித்து)
மேடம், கிணற்றின் தூரத்தை இன்னும் சொல்லவில்லை.

ஆத்தங்கரை_விவசாயி
தென்னை விஷயத்துக்குத் தனி இழை போட்டிருக்கிறேன், அங்கே வாருங்கள்.