கையில வச்ச ரெண்டு குச்சில ஒண்ணு தடவினா தெரியல, ஸ்கேன்லயும் இல்லேங்கிறாங்க. உதவி வேணும்

மஸ்கெலியா டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். புள்ள தங்காம இருக்க இடது கையில தோலுக்குக் கீழ வைக்கிற ஜடேல் குச்சி ரெண்டு வச்சு அஞ்சு வருசம் ஆகுதுன்னு எடுக்கப் போனேன். கிளினிக் டொக்டர் தடவிப் பாத்துட்டு ஒரு குச்சி நல்லா தெரியுது, மத்தது கைக்கு அகப்படலன்னு சொன்னாங்க. தெரிஞ்சத எடுத்துட்டு, மத்ததுக்காக வெட்டித் தேட மாட்டேன், ஸ்கேன் எடுத்துட்டு வாங்கன்னு துண்டு எழுதிக் குடுத்தாங்க.

டவுன்ல ஒரு தனியார் இடத்துல எடுத்தேன். புள்ளத்தாச்சிங்களுக்கு வயித்துல வச்சுப் பாப்பாங்களே, அந்த வளைஞ்ச தலை உள்ள கருவியாலதான் பாத்தாங்க. ரெண்டு நிமிசத்துல "எதுவும் தெரியவில்லை"ன்னு ரிப்போர்ட். மாமி அது கரைஞ்சு போயிருக்கும்ங்கிறாங்க. பக்கத்து தோட்டத்துல மருந்து குடுக்குற ஒருத்தர், மரக்கிற ஊசி போட்டு கொஞ்சம் கீறிப் பாத்தா ஆப்ட்டுரும், நானே செய்றேன்னு சொல்றார். வலி எதுவும் இல்ல. என்ன செய்றது?

பதுளை அக்கா

பயப்படாதீங்க தங்கச்சி. எனக்கும் நூல் காணாமப் போச்சு. ஸ்கேன் பண்ணா கர்ப்பப்பைக்குள்ளயே இருந்திச்சு. வாட்டுலயே எடுத்துட்டாங்க.

மஸ்கெலியா டீச்சர்

அக்கா, நீங்க சொல்றது லூப். எனக்கு கையில வச்சது.

ஹட்டன் ஃபார்மசி

வச்ச பிறகு உடம்பு போட்டிருந்தா கொழுப்புக்குள்ள மறைஞ்சிரும், அவ்வளவுதான். கரையிற சாமான் இல்ல, அது சிலிக்கோன். ஸ்கேன் வேலைக்கு ஆகாது, ஒரு எக்ஸ்ரே எடுத்தா எங்க இருக்குன்னு தெரிஞ்சிரும். அந்த இடத்துல வெட்டி எடுக்கலாம்.

கண்டி ஸ்கேன் டொக்டர்

கரையாதுன்னு தம்பி சொன்னது சரி. மிச்சத்துல எனக்கு உடன்பாடு இல்ல. எக்ஸ்ரே குச்சி கையில இருக்குதான்னு சொல்லும். எவ்வளவு ஆழத்துல, எந்த நரம்புக்குப் பக்கத்துல இருக்குன்னு சொல்லாது. வெட்டப்போற ஆளுக்கு வேண்டியது அந்த ஆழம்தான். அதோட ஜடேல்ல பேரியம் கிடையாது, படத்துல மங்கலாத்தான் விழும்.

டீச்சர், உங்களுக்குச் செஞ்ச ஸ்கேன்ல பிழை கருவியிலதான். வயித்துக் கருவி பத்துப் பதினஞ்சு சென்டிமீட்டர் உள்ள பாக்கிறதுக்கானது. தோலுக்குக் கீழ முதல் ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் அதுல கலங்கலாத்தான் வரும். நமக்குத் தேவை தைராய்டு, மார்பு பாக்கிற தட்டையான லீனியர் ப்ரோப், 10 மெகாஹேர்ட்ஸோ அதுக்கு மேலயோ. அதனால "தெரியவில்லை"ன்னு வந்த ரிப்போர்ட்ட வச்சு குச்சி இல்லேன்னு முடிவு பண்ண வேணாம்.

தேடுற முறையும் முக்கியம். குச்சி 4.3 சென்டிமீட்டர் நீளம், 2.5 மில்லிமீட்டர் தடிப்பு. நீளவாக்குல தேடினா நழுவிப் போகும். ப்ரோப்ப கைக்குக் குறுக்க வச்சு, அக்குள்ல இருந்து முழங்கை வரைக்கும் மெதுவா இறக்கணும். குச்சி ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியா வரும், அது கண்ணுல படாமப் போயிரலாம். ஆனா அந்தப் புள்ளிக்குக் கீழ நேரா ஒரு கறுப்பு நிழல் விழும், அதுதான் அடையாளம். ப்ரோப் நகர நகர அந்த நிழல் நாலு சென்டிமீட்டருக்குத் தொடர்ந்து வந்தா அது குச்சிதான். தசைக்குள்ள இருக்கிற நார்ல இப்படி நீளமா நிழல் வராது. அதுக்குப் பிறகு நீளவாக்குல திருப்பி ரெண்டு முனையையும் பாத்துக்கலாம்.

அந்தத் தோட்டத்து ஆள்கிட்ட தயவுசெஞ்சு கையக் குடுத்துராதீங்க. மேல்கையோட உள்பக்கத்துல ரத்தக் குழாயும் விரலுக்குப் போற நரம்பும் ஒண்ணா ஓடுது. இடம் தெரியாம கீறித் தேடுறதாலதான் விரல் மரத்துப்போற பாதிப்பு வருது. உங்க கிளினிக் டொக்டர் வெட்டாம நிறுத்தினது நல்ல வேலை.

இன்னொண்ணு. உள்ள இருக்கிற ஒத்தக் குச்சிய நம்பி இருக்காதீங்க. பாதி மருந்து போயிருச்சு, காலமும் முடியுது. எடுத்து முடியிற வரைக்கும் கொண்டமோ மாத்திரையோ பாவிங்க.

ஓமான் ரிட்டர்ன்

டொக்டர், எனக்கு மஸ்கட்ல ஒத்தக் குச்சி வச்சாங்க. தடவினா தெரியல. எக்ஸ்ரேல பளிச்சுன்னு விழுந்திச்சே? நெஞ்சுக்கும் படம் எடுத்தாங்க, ஏன்னு யாரும் சொல்லல.

கண்டி ஸ்கேன் டொக்டர்

உங்களுக்கு வச்சது இம்ப்ளனோன் என்எக்ஸ்டியா இருக்கலாம். அதுல பேரியம் கலந்திருக்கு, அதனாலதான் பளிச்சுன்னு விழுது. ரொம்ப அபூர்வமா குச்சி ரத்தக் குழாய்க்குள்ள போயி நுரையீரல் பக்கம் சேர்ந்திருக்கு. கையில அகப்படலன்னா நெஞ்சுப் படம் பாக்கிறது அதுக்குத்தான்.

மஸ்கெலியா டீச்சர்

டொக்டர், ரொம்ப நன்றி. அரசாங்க ஆஸ்பத்திரில லீனியர் ப்ரோப்னு நானே கேட்டேன். ஆப்ட்டுச்சு! பழைய தழும்புல இருந்து மேல, அக்குள் பக்கமா, தோல்ல இருந்து 11 மில்லிமீட்டர் ஆழத்துல. தசைய மூடியிருக்கிற சவ்வுக்கு மேல கிடக்குது, குழாய்க்குத் தூரமாத்தான் இருக்குன்னாங்க. பேனையால தோல்ல ரெண்டு முனையையும் குறிச்சு விட்டாங்க. ஒப்பரேஷனுக்கு அடுத்த கிழமை வரச் சொல்லியிருக்காங்க.

கண்டி ஸ்கேன் டொக்டர்

நல்ல செய்தி. ஆனா அந்தப் பேனைக் குறிய நம்பி வெட்டக் கூடாது. ஸ்பிரிட் தடவின உடனே அழிஞ்சிரும். அழியலன்னாலும், கையத் தொங்கப் போட்டுக் குறிச்சதுக்கும் தலைக்குக் கீழ மடிச்சு வச்சு வெட்டுறதுக்கும் தோல் நகர்ந்திருக்கும். ஒப்பரேஷன் மேசையில கைய மடிச்சு வச்ச பிறகு திரும்ப ஸ்கேன் பண்ணி, அழியாத மார்க்கரால குறிக்கச் சொல்லுங்க. ப்ரோப் பக்கத்துலயே இருக்கட்டும். மரக்கிற மருந்த குச்சிக்குக் கீழ போடுவாங்க, மேல போட்டா தோல் வீங்கி குச்சி இன்னும் ஆழமா போயிரும். நடுவுல விரலுக்கு கரண்ட் அடிச்ச மாதிரி இழுத்தா அந்த நிமிசமே வாய் விட்டுச் சொல்லுங்க. முழுசா மயக்காம செய்றதுல இருக்கிற நன்மையே அதுதான்.

மஸ்கெலியா டீச்சர்

எடுத்தாச்சு! ஒரு சென்டிமீட்டர் அளவு வெட்டு, ரெண்டு தையல். வெளிய எடுத்த குச்சிய டொக்டர் கோடு போட்ட ரூலர்ல வச்சுக் காட்டினாங்க, 4.3 முழுசா இருந்திச்சு. துண்டு எதுவும் உள்ள நிக்கலன்னு அதுலதான் உறுதி பண்றாங்களாம். ஆனா முன்கை உள்பக்கம், ஒரு உள்ளங்கை அளவு இடம், தொட்டா துணி மேல தொட்ட மாதிரி இருக்கு. நேத்து காலையில செஞ்சது.

கண்டி ஸ்கேன் டொக்டர்

மரக்கிற மருந்து நேத்து ராத்திரியே தெளிஞ்சிருக்கணும். அதனால தோலுக்குப் போற நரம்பு கொஞ்சம் நசுங்கியிருக்கலாம். அது அனேகமா தானா திரும்பும், எத்தனை நாள்னு இங்க இருந்து சொல்ல முடியாது. தையல் பிரிக்கப் போகும்போது அந்த இடத்த தொட்டுக் காட்டி பைல்ல எழுத வைங்க. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்தாலோ, பிடி தளர்ந்து சாக்கட்டி கையில நிக்கலேன்னாலோ தையல் நாள் வரைக்கும் இருக்காம அன்னைக்கே போங்க.

மஸ்கெலியா டீச்சர்

விரல் எல்லாம் சரியா இருக்கு டொக்டர். புதுசா ஒண்ணு வைக்கிறதா இருந்தா இதே கையிலயா?

ஹட்டன் ஃபார்மசி

அதே வெட்டுலயே வைக்கலாம்னு கேள்விப்பட்டிருக்கேன் அக்கா.

கண்டி ஸ்கேன் டொக்டர்

சரியான ஆழத்துல இருந்தத எடுத்தா அப்படி வைப்பாங்க. இது ஆழமா போனது, இடமும் ஆறணும். நானா இருந்தா வலது கையில வைக்கச் சொல்வேன். வச்சு முடிஞ்ச உடனே, கட்டுப் போடுறதுக்கு முன்னாடி, ரெண்டு குச்சியையும் நீங்களே விரலால தடவிப் பாத்துட்டு எழும்புங்க. இடது கையிலயே வைக்கலாம்னு சொல்ற டொக்டர்களும் இருக்காங்க, உங்க கிளினிக்லயும் கேட்டுக்குங்க.